வேறுபாடு இல்லை என்று நிறுவ முடியுமா? சமானச் சோதனையின் அரை நூற்றாண்டு

ஒரு மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம் ஆஸ்பிரின் மாத்திரையில் உள்ள மருந்தின் அளவை நெடுங்காலமாகத் தரம்பார்த்தல் முறையில் கண்டறிந்து வருவதாகக் கொள்வோம். இப்போது அந்த இடத்தில் எச்.பி.எல்.சி. முறையைக் கொண்டுவர வேண்டும். புது முறை பழையதற்குச் சமம் என்று காட்டினால்தான் மாற்றம் ஏற்கப்படும். இதுபோன்ற கேள்வி வந்தால் ஆய்வகங்கள் நெடுநாள் செய்துவந்தது ஒன்றுதான்: சில பேட்ச்களை இரண்டு முறைகளாலும் சோதித்து, டி-சோதனை நடத்தி, 'பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை' என்று விடை வந்தால் இரண்டும் சமம் என்று எழுதிவிடுவது.

அந்த முடிவு தவறானது என்பது புள்ளியியலாளர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதில் இணக்கம் வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த விவாதத்தின் பெரும்பகுதி நடந்தது வேதியியல் ஆய்வகங்களில் அல்ல, ஜெனரிக் மருந்துகளின் உலகில். 1971இல் ஜான் லிண்டன்பாம் குழுவினர், வெவ்வேறு நிறுவனங்களின் டிகாக்சின் மாத்திரைகள் இரத்தத்தில் தரும் மருந்தளவு ஏழு மடங்கு வரை வேறுபடலாம் என்று காட்டினர். இதய நோய்க்கான இந்த மருந்தில் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. ஆகவே இரண்டு தயாரிப்புகள் ஒன்றுபோல் வேலை செய்கின்றன என்பதற்கு என்ன சான்று கேட்பது என்ற கேள்வி, சட்டமும் வணிகமும் சேர்ந்த அவசரக் கேள்வியாக மாறியது. அன்று கண்ட விடைகளே இன்று ஆய்வக முறைகளை ஒப்பிடவும் பயன்படுகின்றன.

இக்கட்டுரை அந்த விடைகளை வரிசையாகப் பார்க்கிறது. சோதனையின் கணிதம் பெரும்பாலும் தீர்ந்துபோன கதை என்றே தோன்றுகிறது. எந்த அளவுக்குள் இருந்தால் சமம் என்று கொள்வது என்ற எல்லைதான் இன்னும் தீராதது.

முதல் விடை: வேறுபாடு தெரியவில்லை

வழக்கமான டி-சோதனை, இரண்டு முறைகளும் ஒன்றே என்ற கருதுகோளோடு தொடங்குகிறது. தரவுகள் அதை அசைக்கப் போதுமான வலுவோடு இருந்தால் கருதுகோள் கைவிடப்படும், இல்லையேல் நிற்கும். நிற்பதற்குக் காரணம் இரண்டாக இருக்கலாம். உண்மையிலேயே வேறுபாடு இல்லாமல் இருக்கலாம், அல்லது வேறுபாட்டைக் காணும் அளவுக்குத் தரவு இல்லாமல் இருக்கலாம். சோதனை இவ்விரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை.

இதன் விளைவைக் காண, கணக்கிற்காகவே அமைத்த இரண்டு எண் தொகுதிகளை எடுத்துக்கொள்வோம். முதல் ஆய்வகம் பத்து பேட்ச்களைச் சோதித்தது. தரம்பார்த்தல் தந்த விழுக்காட்டிலிருந்து எச்.பி.எல்.சி. தந்ததைக் கழித்தால் கிடைத்த வேறுபாடுகள்: 0.4, −0.3, 0.9, 1.1, −0.2, 0.6, 0.8, 0.1, 0.5, 1.1. சராசரி 0.5, திட்டவிலக்கம் ஏறக்குறைய 0.50. இரண்டாம் ஆய்வகம் நான்கே பேட்ச்களோடு நிறுத்திக்கொண்டது: −0.9, 1.8, 0.3, 0.8. இங்கும் சராசரி 0.5தான், ஆனால் திட்டவிலக்கம் 1.12.

முதல் ஆய்வகத்தின் டி மதிப்பு 3.14, பி மதிப்பு 0.012. பழைய வழக்கப்படி, முறைகள் வேறுபடுகின்றன, மாற்றம் கூடாது. இரண்டாம் ஆய்வகத்தில் டி 0.89, பி 0.44. வேறுபாடு இல்லை, மாறிக்கொள்ளலாம். கவனமாக உழைத்த ஆய்வகம் தோற்கிறது. அரைகுறையாகச் செய்தது வெல்கிறது. இரண்டின் சராசரி வேறுபாடும் ஒன்றே என்பதை நினைத்தால் இந்தத் தீர்ப்பின் அபத்தம் புரியும். குறைவாக அளந்து, மோசமாக அளந்தால் எந்த முறையையும் எந்த முறைக்கும் சமமாக்கிவிடலாம். 1995இல் டக்ளஸ் ஆல்ட்மனும் மார்ட்டின் பிளாண்டும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய ஒரு சிறு குறிப்பு, சான்று இல்லாமையை இன்மைக்கான சான்றாகக் கொள்ளும் இப்பழக்கத்தை மருத்துவ உலகில் பரவலாக நினைவூட்டியது. ஆனாலும் பழக்கம் போகவில்லை. வேறுபாட்டைத் தேடும் சோதனைதான் பாடநூல்களில் முதலில் வருகிறது. பலருக்கு அதுவே கடைசியாகவும் அமைந்துவிடுகிறது.

இரண்டாம் விடை: சோதனைத் திறனைச் சேர்த்துக் கேட்பது

குறை தரவுப் போதாமையில் இருக்கிறதென்றால், தரவு போதுமா என்பதையும் சேர்த்துக் கேட்டால் என்ன? அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஜெனரிக் மருந்துகளுக்கு முதலில் வைத்த விதிகளுள் ஒன்று இதுதான். இரண்டு மருந்துகளுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியக்கூடாது. அதோடு, 20 விழுக்காடு வேறுபாடு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் திறன் அந்த ஆய்வுக்குக் குறைந்தது 80 விழுக்காடு இருக்க வேண்டும்.

நியாயமாகத் தோன்றும் இந்த விதி பாதி நோயைத்தான் தீர்த்தது. நான்கு பேட்ச் ஆய்வகம் இப்போது தேறாது, உண்மைதான். ஆனால் பத்து பேட்ச் ஆய்வகமும் தேறாது. அது கண்ட அரை விழுக்காட்டு வேறுபாடு இன்னும் 'பொருட்படுத்தத்தக்கது' என்றே குறிக்கப்படும். அளவீடு துல்லியமாக ஆக ஆக, எந்தப் பயனரும் கவலைப்படாத சிறு வேறுபாடுகூடக் கண்ணில் படும், ஆய்வு தோற்கும். டொனால்ட் ஷூர்மன் 1987இல் இந்த விதியையும், பின்னால் பார்க்கவிருக்கும் இரு ஒருபக்கச் சோதனைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது சுட்டிக்காட்டிய முக்கியக் கோளாறு இது. தரவுகளின் சிதறல் குறையக் குறைய, சமம் என்று ஏற்கப்படும் பகுதியும் சுருங்கிக்கொண்டே போகிறது.

இதே எண்ணத்தின் இன்னொரு வடிவம் இன்றும் ஆய்வறிக்கைகளில் காணப்படுகிறது. சோதனை முடிந்த பிறகு, கிடைத்த வேறுபாட்டையே வைத்துத் திறனைக் கணக்கிடுவது. 2001இல் ஹோனிகும் ஹெய்சியும் காட்டியபடி, அப்படிக் கணக்கிட்ட திறன் பி மதிப்பின் மறு வடிவம் மட்டுமே. அதில் புதுச் செய்தி எதுவும் இல்லை.

நம்பிக்கை இடைவெளியின் பக்கம் திரும்பியது

உண்மையான திருப்பம், கேள்வியைத் தலைகீழாக்கியதில் வந்தது. சமம் என்பதற்கு முழுச் சமம் என்று பொருள் கொள்ளாமல், முன்கூட்டியே ஓர் எல்லையை வைத்து, வேறுபாடு அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று கேட்பது. இதன் கோட்பாட்டு வேர் 1954இல் ஹாட்ஜஸும் லேமனும் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. ஒரு கருதுகோள் துல்லியமாக உண்மையா என்பதைவிட, நடைமுறைக்குப் போதுமான அளவு உண்மையா என்று சோதிக்க வேண்டும் என்றனர் அவர்கள்.

மருந்தியலில் இதை நடைமுறைக்குக் கொண்டுவர முயன்றவர்களுள் முதன்மையானவர் வில்பிரட் வெஸ்ட்லேக். 1970களில் அவர் முன்வைத்தது நம்பிக்கை இடைவெளி வழி. வேறுபாட்டுக்கான இடைவெளி முழுவதும் எல்லைக்குள் அடங்கினால் சமம் என்று கொள்ளலாம். 1976இல் அவர் ஒரு திருத்தம் சேர்த்தார்: இடைவெளி, கிடைத்த சராசரியைச் சுற்றி அல்லாமல் சுழியத்தைச் சுற்றி இருபக்கமும் ஒரே நீளமாக அமையட்டும். முடிவை 'வேறுபாடு இத்தனை விழுக்காட்டைத் தாண்டாது' என்று ஒரே எண்ணில் சொல்ல முடியும் என்பது அதன் கவர்ச்சி. அதுவே குறையாகவும் சுட்டப்பட்டது. புது முறை கூட்டிக் காட்டுகிறதா, குறைத்துக் காட்டுகிறதா என்பது அந்த ஒற்றை எண்ணில் மறைந்துபோகிறது. தாமஸ் கிர்க்வுட் 1981இல் இதை மறுபரிசீலனை செய்யக் கோரினார். வழக்கமான இடைவெளியையே பயன்படுத்தினால் போதும் என்ற வாதம் வலுத்தது.

இரு ஒருபக்கச் சோதனைகள்

ஷூர்மன் இந்த எண்ணத்தைச் சோதனை மொழியில் தெளிவாக வைத்தார். எல்லை ±1 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். சமமல்ல என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு: வேறுபாடு −1க்குக் கீழே இருக்கலாம், அல்லது +1க்கு மேலே இருக்கலாம். இவ்விரண்டையும் தனித்தனிக் கருதுகோள்களாக்கி, ஒவ்வொன்றையும் 5 விழுக்காட்டுப் பிழை வாய்ப்போடு ஒருபக்கச் சோதனையால் சோதிக்க வேண்டும். இரண்டும் கைவிடப்பட்டால் மட்டுமே சமம். சமமல்ல என்பதே இப்போது தொடக்க நிலை. சமம் என்று சொல்ல வருபவர்தான் சான்று தர வேண்டும். குறைந்த தரவோடு வந்தால் அவர் தோற்பார்.

முதல் ஆய்வகத்தின் கணக்கைப் பார்ப்போம். திட்டப்பிழை, 0.503ஐப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.159. மேல் எல்லைக்கான டி: 0.5இலிருந்து 1ஐக் கழித்து 0.159ஆல் வகுத்தால் −3.14, பி மதிப்பு 0.006. கீழ் எல்லையிலிருந்து வேறுபாடு வெகு தொலைவில் இருப்பதால் அங்கே டி 9.4. இரண்டும் கைவிடப்படுகின்றன. முறைகள் ±1 எல்லைக்குள் சமம். இரண்டாம் ஆய்வகத்தில் திட்டப்பிழை 0.56. மேல் எல்லைக்கான டி −0.89, பி 0.22. சமம் என்று சொல்ல முடியாது. முதல் விடை தந்த தீர்ப்பு இரண்டு ஆய்வகங்களுக்கும் அப்படியே புரண்டுவிட்டது.

ஆர் மொழியில் இது நான்கு வரி வேலை:

```
d <- c(0.4,-0.3,0.9,1.1,-0.2,0.6,0.8,0.1,0.5,1.1)
t.test(d, mu = -1, alternative = "greater")
t.test(d, mu =  1, alternative = "less")
t.test(d, conf.level = 0.90)$conf.int
```

கடைசி வரி தருவது 90 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி: 0.21 முதல் 0.79 வரை. அது முழுவதும் −1க்கும் +1க்கும் இடையில் அடங்குவதும், இரண்டு சோதனைகளும் வெல்வதும் எப்போதும் ஒரே முடிவையே தரும். நான்கு பேட்ச் ஆய்வகத்தின் இடைவெளி −0.82 முதல் 1.82 வரை நீள்கிறது; மேல் எல்லையைத் தாண்டிவிட்டது. ஆனால் அந்த இடைவெளிக்குள் சுழியமும் இருப்பதால்தான் பழைய சோதனை அங்கே வேறுபாட்டைக் காணவில்லை. பத்து பேட்ச் ஆய்வகத்தின் இடைவெளி சுழியத்தைத் தொடவில்லை, எல்லையையும் தொடவில்லை. வேறுபாடு உண்டு, ஆனால் பொருட்படுத்தத் தேவையில்லை என்ற இரண்டையும் ஒருசேரச் சொல்ல இந்த வழி இடம் தருகிறது.

இரண்டு சோதனைகள் செய்துவிட்டு 95க்குப் பதில் 90 விழுக்காட்டு இடைவெளியைப் பார்ப்பது சலுகை போலத் தோன்றலாம். இரண்டு முறை சோதித்தால் பிழை வாய்ப்பைப் பங்கிட வேண்டாமா என்ற ஐயம் அடிக்கடி எழுகிறது. வேண்டியதில்லை. ஏதாவது ஒன்று வென்றால் போதும் என்றிருந்தால்தான் பங்கிட வேண்டும். இங்கே இரண்டுமே வெல்ல வேண்டும். உண்மை வேறுபாடு மேல் எல்லையிலோ அதற்கு அப்பாலோ இருந்தால், மேல்பக்கச் சோதனை தவறாக வெல்லும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கு மேல் போகாது. கீழ்பக்கமும் சேர்ந்து வெல்ல வேண்டும் என்பதால் மொத்த வாய்ப்பு அதைவிடக் குறையுமேயன்றிக் கூடாது. ரோஜர் பெர்கர் 1982இல் இவ்வகைச் சோதனைகளுக்குப் பொதுவான நிறுவலைத் தந்தார். 1996இல் அவரும் ஜேசன் ஷூவும் சேர்ந்து உயிர்ச்சமானச் சோதனைகளுக்கு அதை விரிவாகப் பொருத்திக் காட்டினர்.

1992இல் அமெரிக்க நிர்வாகம் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்த முறையையே ஏற்றது. இரத்தத்தில் மருந்தளவின் விகிதத்தை மடக்கை அளவில் கணக்கிட்டு, 90 விழுக்காடு இடைவெளி 80 முதல் 125 விழுக்காடு வரையிலான எல்லைக்குள் அடங்க வேண்டும். மேல் எல்லை 120 ஆகாமல் 125 ஆனதற்குக் காரணம் மடக்கைதான்: 0.8இன் தலைகீழி 1.25.

கூர்மையான சோதனைகளும் அவற்றின் தடுமாற்றமும்

இரு ஒருபக்கச் சோதனைகளின் மீது கணிதவியலாளர்கள் வைத்த குறை, அது மிகவும் தயங்குகிறது என்பது. தரவின் சிதறல் ஓர் அளவைத் தாண்டினால், சராசரி வேறுபாடு சரியாகச் சுழியமாக இருந்தாலும் அது சமம் என்று சொல்லாது. நான்கு பேட்ச் ஆய்வகத்தில் இடைவெளியின் அரை நீளமே 1.32. அதனால் ±1 எல்லைக்குள் எந்தத் தரவு வந்தாலும் அந்தச் சிதறலில் வெற்றி சாத்தியமில்லை.

1983இல் ஆண்டர்சனும் ஹாக்கும் முன்வைத்த சோதனை இந்தத் தயக்கத்தை நீக்கியது; அதன் திறன் எப்போதும் கூடுதல். பிற்பாடு இன்னும் கூர்மையான சோதனைகளும் வந்தன. ஆனால் அவற்றுக்கு விலை ஒன்று உண்டு. சிதறல் மிகப் பெரிதாகும்போது, கண்ட சராசரி எல்லைக்கு வெளியே விழுந்தாலும்கூட அவை சமம் என்று அறிவிக்கக்கூடும். மோசமான அளவீட்டுக்குப் பரிசு தரும் பழைய நோய் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. பெர்ல்மனும் வூவும் 1999இல் இத்தகைய 'மேம்பட்ட' சோதனைகளைப் பொதுவாகவே கடுமையாக விமர்சித்தனர். பெர்கரும் ஷூவும் எதிர்த்தரப்பில் நின்றவர்கள். பிழை வாய்ப்பைக் கட்டுக்குள் வைத்தபடி திறனைப் பெருக்குவதுதான் நல்ல சோதனையின் இலக்கணம் என்றால், இத்தகைய கூர்மையான சோதனைகளுக்கு வாதம் உண்டு. ஆனால் ஆய்வக அதிகாரி ஒருவரிடம் இடைவெளி எல்லையைத் தாண்டினாலும் சமம் என்று விளக்க வேண்டி வந்தால், அந்த வாதம் தாக்குப்பிடிக்குமா என்பது ஐயமே. ஒழுங்குமுறை அமைப்புகள் எளிய வழியைத் தேர்ந்ததில் அறிவு இருப்பதாகவே இக்கட்டுரையாளர் கருதுகிறார்.

பேயசியர்கள் வேறு கோணத்தில் வந்தனர். 1980இல் ராடாவும் டேவிஸும், அடுத்த ஆண்டு மண்டலாஸும் மாவும், வேறுபாடு எல்லைக்குள் இருப்பதற்கான நிகழ்தகவையே நேரடியாகக் கணக்கிடச் சொன்னார்கள். முன்னறிவு எதையும் சேர்க்காத எளிய வடிவத்தில் நம் முதல் ஆய்வகத்துக்கு அது 99 விழுக்காட்டுக்கு மேல் வரும். இரண்டாவதற்குச் சுமார் 74. சமமல்ல என்ற வெறும் மறுப்பைவிட 74 என்ற எண் கூடுதல் செய்தி சொல்கிறது. எத்தனை விழுக்காடு போதும் என்ற கேள்வியை அது தீர்ப்பதில்லை. எல்லையை எங்கே வைப்பது என்பதையும் அது தீர்ப்பதில்லை.

எல்லை எங்கிருந்து வருகிறது

மேலே ±1 என்று வைத்தது கணக்கின் வசதிக்காக. உண்மையில் அந்த எண்ணுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும், அதுவும் தரவைப் பார்ப்பதற்கு முன்பே. 0.21 முதல் 0.79 வரை என்று இடைவெளியைக் கண்ட பிறகு எல்லையை 0.8 என்று வைப்பவருக்குச் சோதனை எதையும் சொல்வதில்லை.

ஆய்வக முறைகளில் காரணம் தேட நல்ல இடம், மாத்திரையின் விவரக்குறிப்பு. மருந்தளவு 95 முதல் 105 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆலையின் பேட்ச்கள் பழைய முறையில் சராசரியாக 97.5ம், திட்டவிலக்கமாக 1.0ம் காட்டுகின்றன. அப்படியானால் கீழ் வரம்புக்கு வெளியே விழுபவை சுமார் 0.6 விழுக்காடு. புது முறை 0.5 குறைத்துக் காட்டினால் அது 2.3 விழுக்காடாகும். ஒன்று குறைத்துக் காட்டினால் 6.7. மாத்திரையில் ஒன்றுமே மாறாமல், அளக்கும் முறை மாறியதாலேயே நிராகரிக்கப்படும் பேட்ச்கள் பத்து மடங்குக்கு மேல் ஆகின்றன. மறுபக்கம், புது முறை ஒன்று கூட்டிக் காட்டினால் நிராகரிப்பு 0.02 விழுக்காடாகச் சுருங்கும். ஆனால் உண்மையில் குறைபாடுள்ள பேட்ச்கள் தேறி வெளியே போகும். முதலாவதில் இழப்பு ஆலைக்கு, இரண்டாவதில் நோயாளிக்கு. ஆகவே இரண்டு பக்கமும் ஒரே எல்லை வைக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. நடைமுறையில் பெரும்பாலும் சமச்சீர் எல்லையே வைக்கப்படுவது பழக்கத்தாலேயே.

இந்த ஆலையின் பேட்ச்கள் கீழ் வரம்பை ஒட்டி நிற்கின்றன என்பதால், ±1 தாராளமான எல்லை என்றே சொல்ல வேண்டும். அதை 0.75 ஆகக் குறைத்தால் என்ன ஆகும்? பத்து பேட்ச் ஆய்வகத்தின் இடைவெளி 0.79 வரை போவதால் அது தோற்கும். உண்மை வேறுபாடு 0.5 என்றும் சிதறல் 0.5 என்றும் கொண்டால், ±1 எல்லைக்கு ஏறக்குறைய 90 விழுக்காட்டு வெற்றி வாய்ப்புத் தரப் பத்து பேட்ச்களே போதும், 0.75 எல்லைக்கு 35க்கு மேல் தேவைப்படும். எல்லைக்கும் உண்மை வேறுபாட்டுக்கும் இடையே எஞ்சும் இடம் பாதியானால் மாதிரிகள் நான்கு மடங்காகின்றன. எல்லையைத் தாராளமாக வைக்க ஆய்வகங்களைத் தூண்டுவது பெரும்பாலும் இந்தச் செலவுதான்.

மருந்து உலகின் 20 விழுக்காட்டு எல்லைக்கும் கணிதப் பிறப்பு கிடையாது. பெரும்பாலான மருந்துகளில் அந்த அளவு வேறுபாடு சிகிச்சையைப் பாதிக்காது என்ற மருத்துவத் தீர்ப்பு அது. எல்லா மருந்துக்கும் அது பொருந்தாது என்பது பிற்காலத் திருத்தங்களிலேயே தெரிகிறது. பயனுக்கும் நஞ்சுக்கும் இடைவெளி குறைந்த மருந்துகளுக்கு ஐரோப்பிய மருந்து முகமை 90.00 முதல் 111.11 வரை என்று எல்லையை இறுக்கியது. ஒரே நபரிடம்கூட வேளைக்கு வேளை இரத்த அளவு பெரிதும் மாறும் மருந்துகளுக்கோ, உச்ச அளவைப் பொறுத்து எல்லையை 69.84 முதல் 143.19 வரை விரிக்க 2010ஆம் ஆண்டின் வழிகாட்டுதல் இடம் தந்தது. மூல மருந்தே தன்னளவில் அவ்வளவு மாறும்போது, ஜெனரிக்கிடம் அதைவிட நெருக்கம் கேட்பது நியாயமா என்பது இதன் பின்னுள்ள வாதம். அதை ஏற்பதென்றால், அளக்கக் கடினமான இடத்தில் சமம் என்பது எளிதாகிவிடுகிறது என்ற சங்கடத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

சராசரி மறைப்பவை

பத்து பேட்ச்களின் பட்டியலுக்குத் திரும்பினால், அதில் 1.1 இரண்டு முறை வருகிறது. ±1 எல்லையை அவை தாண்டியவை. ஆனாலும் சோதனை வென்றது. ஏனெனில் அது சராசரியைப் பற்றித்தான் பேசுகிறது. 1986இல் பிளாண்டும் ஆல்ட்மனும் லான்செட்டில் முன்வைத்த உடன்பாட்டு எல்லைகள் தனி அளவீட்டைப் பற்றிப் பேசுபவை: சராசரியிலிருந்து இருபக்கமும் 1.96 மடங்கு திட்டவிலக்கம். நம் தரவில் அது −0.5 முதல் 1.5 வரை. ஒரு பேட்ச்சை ஏற்பதா விடுவதா என்று ஒற்றை அளவீட்டால் முடிவெடுக்கும் ஆய்வகத்துக்கு இந்த இரண்டாம் கணக்கு தேவைப்படலாம்.

மருந்தியலிலும் இதே கேள்வி எழுந்தது. 1990இல் ஆண்டர்சனும் ஹாக்கும், சராசரி சமமானால் போதாது, ஒரு மருந்தில் இருக்கும் நோயாளி மற்றொன்றுக்கு மாறினால் அவரளவில் சமமாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். பத்தாண்டு காலம் நீண்ட விவாதம் நடந்தது. தனிநபர் சமானத்துக்கான அளவுகோலை அமெரிக்க நிர்வாகம் பரிசீலித்தது, வழிகாட்டுதலிலும் இடம் தந்தது. கடைசியில் சராசரிச் சமானத்துக்கே திரும்பியது. அந்த அளவுகோல் சராசரி வேறுபாட்டையும் சிதறல் வேறுபாட்டையும் ஒரே எண்ணாகச் சேர்த்ததால், புது மருந்தின் குறைந்த சிதறல் அதன் பெரிய சராசரி வேறுபாட்டை ஈடுகட்டிவிடலாம் என்பது அதற்கெதிரான வாதங்களுள் ஒன்று.

ஆஸ்பிரினில் சராசரி மறைக்கும் இன்னொன்று உண்டு; அது புள்ளியியல் அல்ல, வேதியியல். வழக்கமான பின்தரம்பார்த்தலில் மாத்திரைத் தூளைச் சோடியம் ஹைட்ராக்சைடோடு கொதிக்க வைப்பார்கள். ஒரு ஆஸ்பிரின் மூலக்கூறு சாலிசிலேட்டாகவும் அசிட்டேட்டாகவும் பிரிந்து இரண்டு மூலக்கூறு காரத்தைச் செலவழிக்கும். மிஞ்சிய காரத்தை அமிலத்தால் அளந்து மருந்தளவைக் கணக்கிடுவார்கள். ஆனால் ஈரம் பட்டு மாத்திரையிலேயே சிதைந்த ஆஸ்பிரினும் சாலிசிலிக் அமிலம், அசிட்டிக் அமிலம் என்று பிரிந்துதான் கிடக்கிறது. அவையும் சேர்ந்து அதே இரண்டு மூலக்கூறு காரத்தைக் குடிக்கும். ஆவியாகிப் போன அசிட்டிக் அமிலம் நீங்கலாக, சிதைந்த மாத்திரையும் நல்ல மாத்திரையும் தரம்பார்த்தலுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். எச்.பி.எல்.சி. ஆஸ்பிரினையும் சாலிசிலிக் அமிலத்தையும் தனித்தனி உச்சிகளாகப் பிரித்துக் காட்டுவதால் அங்கே அளவு குறையும்.

எனவே புதிதாக வந்த பத்து பேட்ச்களில் சோதித்தால் முறைகள் சமம் என்று வரும். காலாவதியை நெருங்கிய பேட்ச்களைச் சேர்த்தால் அதே சோதனை தோற்கும். இரண்டு விடைகளும் சரியே. அவை வெவ்வேறு மாதிரிகளைப் பற்றியவை. இதைக் கண்டுகொள்ள எளிய வழி, வேறுபாடுகளைப் பேட்ச்சின் வயதுக்கு எதிராக வரைந்து பார்ப்பது. புள்ளிகள் ஒருபக்கம் சரிந்தால் சராசரியைச் சோதிப்பதில் பொருளில்லை. மேலும் இங்கே தோல்வி புது முறையின் குற்றமல்ல. சமானச் சோதனை பழையதை அளவுகோலாகக் கொள்கிறது. பழையது காணத் தவறியதைப் புதியது கண்டால் அதையும் வேறுபாடு என்றே எழுதும்.

திறந்தே இருப்பவை

சோதனையைப் பொறுத்தவரை, எளிய ஒப்பீடுகளுக்கு இரு ஒருபக்கச் சோதனைகளை விட்டு விலகப் போதிய காரணம் தென்படவில்லை. 2017இல் டேனியல் லாகன்ஸ் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உளவியலிலும் அது பரவத் தொடங்கியிருக்கிறது. அங்கே விவரக்குறிப்பு வரம்போ இரத்த அளவோ இல்லாததால், எல்லையை எதிலிருந்து பெறுவது என்ற சிக்கல் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது.

சராசரிக்கும் தனி அளவீட்டுக்கும் இடையிலான வழக்கு முடியவில்லை. இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கும் முயற்சி கைவிடப்பட்டது என்பதால், தனி அளவீட்டைப் பற்றிய கவலை தவறு என்றாகிவிடாது. சராசரிக்கு ஓர் எல்லை, சிதறலுக்குத் தனியாக இன்னோர் எல்லை என்று பிரித்துச் சோதிப்பது ஆய்வக முறைகளுக்குப் பொருந்தலாம். ஆனால் இரண்டாவது எல்லைக்கு நியாயம் சொல்வது முதலாவதைவிடக் கடினம், அதற்குத் தேவைப்படும் மாதிரிகளும் அதிகம்.

இதைவிடக் குறைவாகப் பேசப்படும் சிக்கல், சமானம் கைமாறிப் போவதில்லை என்பது. தரம்பார்த்தலுக்குச் சமம் என்று எச்.பி.எல்.சி. ஏற்கப்படுகிறது. சில ஆண்டுகளில் அதற்குச் சமம் என்று வேறொரு பத்தியும் வேறொரு கரைப்பானும் ஏற்கப்படலாம். ஒவ்வொரு படியிலும் வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்குள்தான். ஆனால் அவை ஒரே திசையில் சாய்ந்தால் மூன்றாம் முறை முதலாவதிலிருந்து இரண்டு விழுக்காடு வரை தள்ளி நிற்கக்கூடும், ஒரு சோதனைகூடத் தோற்காமலேயே. ஜெனரிக் மருந்துகளிலும் ஒவ்வொன்றும் மூல மருந்தோடு ஒப்பிடப்படுகிறதே ஒழிய, ஒன்றோடொன்று ஒப்பிடப்படுவது வழக்கமில்லை. ஆய்வகத்திலோ அந்த நிலையான மூலம்கூடப் பல நேரங்களில் இல்லை. பழைய முறை ஓய்வுபெற்றதும் அதன் இடத்தில் புதியதே மூலமாகிவிடுகிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளோடும் சேர்த்துச் சோதிப்பது ஒரு வழி. அப்படிச் செய்தாலும், மொத்த நகர்வுக்கு எவ்வளவு இடம் தருவது, அதை எத்தனை மாற்றங்களுக்குப் பங்கிடுவது என்பதற்குப் பரவலாக ஏற்கப்பட்ட விதி எதுவும் இதுவரை உருவாகவில்லை.